வெறும் கட்டங்களாக வந்த 15ஜி படிவமும் என் ஏழு வருட அனுபவமும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏப்ரல் பிறந்தால் எனக்குத் தனியாகச் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். வணக்கமும் இருக்காது, விளக்கமும் இருக்காது. வங்கித் தளத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டிய 15ஜி அல்லது 15எச் படிவம் மட்டும் வரும். பெயர், பான், முகவரி, மதிப்பிட்ட வருமானம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே காலி. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறிகூடக் கிடையாது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் ‘அவனுக்குத் தெரியும்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஏழு வருடமாக இதைச் சமாளித்ததில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் படிவம் எதற்கு என்று பார்த்துவிடலாம். வங்கியில் எஃப்.டி. வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கி அந்த வட்டியில் பத்து சதவீதத்தை முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிடும், அதுதான் டிடிஎஸ். 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய், மற்றவர்களுக்கு 50,000 ரூபாய். மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்று நீங்கள் அறிவித்தால் வங்கி பிடிக்காது. அந்த அறிவிப்புதான் இந்தப் படிவம். 60-க்குக் கீழே என்றால் 15ஜி, மேலே என்றால் 15எச். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வருவதால், நான் சொல்வதெல்லாம் 2025-26 வரையிலான அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும் என்ற ஆசை. இரண்டாவது வருடமே மாட்டிக்கொண்டேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா மகன் ஒரு 15ஜி-யை ஒட்டினான். பெயர், பான், முகவரி எல்லாம் என்னிடம் இருந்தன. ‘குடியிருப்பு நிலை’ என்ற இடத்தில் யோசிக்காமல் ‘இந்தியாவில் வசிப்பவர்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவன் கணக்கு என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வரும் வருமானத்துக்காக வைத்திருப்பது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தப் படிவத்தைக் கொடுக்கவே முடியாது. அவர்களுடைய என்ஆர்ஓ வட்டியில் வங்கி முப்பது சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துத்தான் ஆக வேண்டும். வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், நல்லவேளை. அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் அது பொய் அறிவிப்பு. அதற்கு வருமான வரிச் சட்டத்தின் 277-ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரை போகலாம், கையெழுத்து அவனுடையது. ‘ஏண்டா, நீ இந்தியாவில் இல்லை என்று சொல்லவே இல்லையே’ என்றேன். ‘அத்தான், நான் என்ன வேண்டும் என்றே சொல்லவில்லையே’ என்றான். நியாயம்தான். அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ‘எனக்கு இது பொருந்துமா’ என்பது மட்டும்.

அடுத்து எதிர்ப்பக்கம் போனேன். யார் ஒட்டினாலும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதி அனுப்புவேன். பெரியம்மா ஒருமுறை அதைப் படித்துவிட்டு போன் செய்து, ‘தம்பி, இவ்வளவு நீளமாக எழுதியதற்கு நிரப்பியே தந்திருக்கலாமே’ என்றார்கள். அதுவும் சரிதான்.

அப்புறம்தான் படிவமே கொஞ்சம் பேசுகிறது என்று கவனித்தேன். நகல் எடுக்கும்போது தலைப்பு விட்டுப்போவது வழக்கம். ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே பிறந்த தேதி கேட்டால் அது 15எச். ‘ஸ்டேட்டஸ்’, குடியிருப்பு நிலை கேட்டால் 15ஜி. அனுப்பியவரின் வயதுக்கு அது பொருந்தவில்லை என்றால், தவறான படிவத்தை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். நிரப்பவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். சரியான படிவத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

அதைவிடப் பெரிய துப்பு மாதம். ஏப்ரலில் வந்தால் பெரும்பாலும் நிரப்பத்தான், ஏனென்றால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் திடீரென வந்தால் பெரும்பாலும் பணம் பிடித்த குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதறியிருப்பார்கள். அப்போது நிரப்பிக் கொடுத்தாலும் பிடித்தது திரும்பாது. இனிமேல் வரும் வட்டியில் மட்டும் பிடிக்கமாட்டார்கள். பிடித்ததைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே அந்த மாதங்களில் விளக்கம்தான் முதலில்.

இந்த இரண்டு துப்பிலும் புரியவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: ‘ஏற்கெனவே பிடித்தார்களா, இல்லை இந்த வருடம் பிடிப்பதற்கு முன்னாலேயே கொடுக்கிறீர்களா?’ முன்பெல்லாம் ‘எத்தனை வங்கி, எவ்வளவு எஃப்.டி., பென்ஷன் உண்டா, வாடகை உண்டா’ என்று ஒரே மூச்சில் எட்டுக் கேள்வி கேட்பேன். பதிலே வராது. ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது, மற்றதை அதற்குப் பிறகு கேட்கலாம்.

பெரியம்மாவின் போன வருடக் கணக்கைச் சொல்கிறேன், எங்கே தடுக்கும் என்று தெரியும். வயது 67. ஒரே வங்கியில் 14 லட்சம் எஃப்.டி., 7.5 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். ஆண்டு வட்டி 1,05,000. வரம்பைத் தாண்டுவதால் படிவம் இல்லை என்றால் முழு வட்டிக்கும் பத்து சதவீதம், அதாவது 10,500 போகும்; தாண்டிய ஐயாயிரத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000. ஆண்டுக்கு 2,64,000, அதில் புதிய வரி முறையில் 25,000 கழிவு போக 2,39,000.

படிவத்தில் இரண்டு தொகைக் கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று இந்த அறிவிப்பு எந்த வருமானத்துக்கு என்பது, அதில் 1,05,000. மற்றொன்று அந்த ஆண்டின் மதிப்பிட்ட மொத்த வருமானம். அதில் 1,05,000-உம் 2,39,000-உம் சேர்த்து 3,44,000. பெரும்பாலோர் இரண்டிலும் வட்டியையே எழுதிவிடுகிறார்கள். நானே முதல் வருடம் பெரியம்மாவுக்கு அப்படித்தான் எழுதினேன். ஓய்வூதியம் என் மனதில் இல்லை, அவர்களும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை அவர்கள் ‘வருமானம்’ என்று நினைப்பதே இல்லை. இப்போது அந்தக் கட்டத்துக்காகவே ‘மாதாமாதம் வங்கிக் கணக்கில் வேறு என்னென்ன விழுகிறது?’ என்று கேட்கிறேன். ‘வருமானம்’ என்ற சொல்லை விட்டுவிட்டாலே சரியான பதில் வருகிறது.

மொத்தம் 3,44,000 என்பது புதிய முறையின் 4 லட்சம் அடிப்படை விலக்குக்குள் இருப்பதால் பெரியம்மாவுக்கு வரி பூஜ்யம், படிவம் கொடுக்கலாம். 15ஜி கொடுப்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆண்டு அறிவிப்புக் கொடுக்கும் வட்டி போன்ற வருமானங்களின் கூட்டுத்தொகையும் அந்த அடிப்படை விலக்கைத் தாண்டக் கூடாது. 15எச்-க்கு அது கிடையாது.

இன்று நான் எவ்வளவு நிரப்புகிறேன் என்றால்: பெயர், முகவரி, நிதியாண்டு. பான் எண்ணை அவர்களையே எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் அது தப்பாகவோ காலியாகவோ போனால் அறிவிப்பு செல்லாது, பிடித்தமும் இருபது சதவீதமாகிவிடும். தொகைகளைத் தனித்தாளில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அவர்கள் கையாலேயே எழுத வைக்கிறேன். பகுதி இரண்டை யாரும் தொடக்கூடாது, அது வங்கி நிரப்புவது. போன ஏப்ரலில் பெரியம்மா அதையும் நிரப்பி அனுப்பியிருந்தார்கள், வங்கி மேலாளர் பதவிக்கு எதிரே தன் பெயரைப் போட்டு.