அரை லாரி என்று விடை வந்தால் என்ன செய்வது?

க, ச, த, ப என்ற நான்கு ஊர்கள் ஒரு சதுரத்தின் மூலைகள். க–ச, ச–த, த–ப, ப–க என நான்கு ஒற்றைத் தடச் சாலைகள். எந்தத் திசையில் போனாலும் ஒரு சாலையில் இரவுக்கு ஒரு லாரிதான். கவிலிருந்து தவுக்கு ஒரு லாரி அரிசியும், சவிலிருந்து பவுக்கு ஒரு லாரி உப்பும் போக வேண்டும்.

அரிசி மட்டும் என்றால் தொல்லையே இல்லை. ஒரே சரக்கின் ஓட்டத்தில் சாலைக் கொள்ளளவுகள் முழு எண்களாக இருந்தால், முழு எண்ணில் ஓர் உச்ச விடை கட்டாயம் உண்டு. இரண்டு சரக்கு சேர்ந்ததும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. அரிசிக்கு ச வழி, ப வழி என இரண்டு பாதைகள். உப்புக்குத் த வழி, க வழி என இரண்டு. எதை எதோடு சேர்த்தாலும் ஒரு சாலையில் மோதுகின்றன. ஆனால் நான்கு பாதைகளிலும் அரை அரை லாரி அனுப்பினால், எல்லாச் சாலையும் சரியாக நிரம்பி, இரண்டு தேவையும் தீர்கிறது!

அந்த அரை எங்கிருந்து வருகிறது? ச வழி அரிசியை x என்றும், த வழி உப்பை y என்றும், க வழி உப்பை z என்றும் வைப்போம்.

```
x + y = 1    (ச–த சாலை)
x + z = 1    (க–ச சாலை)
y + z = 1    (உப்பின் தேவை)
```

முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 2x = 1. இந்தச் சமன்பாடுகளின் கெழு அணியை எடுத்தால், அதன் அணிக்கோவை, குறியை விட்டுவிட்டால், 2. ஒரே சரக்கின் ஓட்ட அணியில் எந்தச் சதுரத் துண்டை எடுத்தாலும் அணிக்கோவை 0, 1, -1 மட்டுமே. அதனால் வகுத்தாலும் பின்னம் வராது. இங்கே 2-ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது.

சரி, இனி என்ன வழி? பலரும் முதலில் செய்வது பின்னத்தைப் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றுவது. இந்தக் கணக்கில் அது வீண். அரைகளை மேலே ஏற்றினால் ஒவ்வொரு சாலையிலும் இரண்டு லாரி. கீழே இறக்கினால் ஒன்றுமே போகாது.

எனக்குப் பிடித்தது இரண்டு இரவுகளைச் சேர்த்துப் பார்ப்பது. முதல் இரவு இரண்டு லாரி அரிசி, ஆளுக்கொரு பக்கமாக. மறுநாள் அதேபோல உப்பு. சராசரியில் அதே அரை விடைதான், ஆனால் எந்த லாரியையும் வெட்ட வேண்டாம். எல்லா வலையிலும் இப்படி இரவு பிரிக்க முடியாது, ஆனால் இருதிசைச் சாலை, இரண்டே சரக்கு என்றால் பின்னம் அரையோடு நின்றுவிடும். முழு எண் கொள்ளளவும் தேவையும் இருந்தால் அரைக்கு மேல் சிக்கலான பின்னம் தேவைப்படாது என்று கணிதவியலாளர் டி.சி. ஹூ 1963-இல் காட்டினார். சரக்கு மூன்றானால் அந்த உறுதி கிடையாது.

உப்பு ஒரு நாள் காத்திருக்கும், பால் காத்திருக்காது. உப்பின் இடத்தில் பால் வந்தால், முழு எண் விடைகளை மட்டுமே தேடும் முழு எண் நிரலாக்கம்தான் கதி. அரிசி லாரிக்கு லாபம் 5, பாலுக்கு 4 என்று வைத்தால், பின்ன விடை 9 என்று ஆசை காட்டும். உண்மையில் கிடைப்பது 5. ச வழி அரிசியை 0 என்று பூட்டினாலும் லாபத்தின் மேல் எல்லை 6.5-க்குத்தான் இறங்குகிறது, மறுபடியும் பின்னம், மறுபடியும் கிளை பிரிக்க வேண்டும். பெரிய வலையில் கணினி மணிக்கணக்கில் சுற்றுவது பின்ன விடைக்கும் முழு எண் விடைக்கும் உள்ள இந்த இடைவெளியை அடைக்கத்தான்.