தினமும் பேதி மருந்து: நிலாவாரை, பிசகோடைல், இசப்கோல் நீண்ட நாள் பயன்பாட்டில் எப்படி?

தினம் காலையில் வயிறு சுத்தமாகவில்லை என்றால் உடம்பு கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் பலர் இரவில் நிலாவாரை சூரணத்தையோ பிசகோடைல் மாத்திரையையோ ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்கும்போது அவர்களில் நிறையப் பேருக்கு மலச்சிக்கலே இருப்பதில்லை. நாளுக்கு மூன்று முறையில் தொடங்கி வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான். மலம் இளக்கமாக, முக்காமல் வந்தால் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்காகப் போனவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 33 சதவீதம் மட்டுமே. நம் ஊரில் தினம் ஒன்றிரண்டு முறை போகிறவர்கள் அதிகம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறவர் தனக்கு ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள் இரவு ஒரு ஸ்பூன் நிலாவாரை. செவ்வாய் காலை வயிற்றைப் பிசைந்துகொண்டு இரண்டு மூன்று தடவை இளகிப் போகிறது. புதன் போகவில்லை, வியாழனும் போகவில்லை. "மருந்து இல்லாமல் எனக்கு ஆகாது" என்று வியாழன் இரவு மறுபடியும் ஒரு ஸ்பூன். உண்மையில் அவருக்குக் குடல் அடைத்துக்கொள்ளவில்லை, காலியாக இருக்கிறது. சாதாரணமாகப் போகும்போது பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் காலியாகும். பேதி மருந்து அதற்கு மேலே இருப்பதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. அது மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த இடைவெளியை மலச்சிக்கல் என்று எண்ணித்தான் ஆண்டுக்கணக்கான பழக்கம் உருவாகிறது.

மலம் தங்கினால் நஞ்சு ரத்தத்தில் கலக்கும் என்பது இன்னொரு பயம். போகாத நாளில் தலைபாரமும் மந்தமும் வருவது நிஜம். ஆனால் அதற்குக் காரணம் மலக்குடல் விரிந்து நிற்பது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மருத்துவர்கள் ஆய்வுக்காக வேறு சிலரின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தபோதே அதே தொந்தரவுகள் வந்தன. பஞ்சில் நஞ்சு ஏது?

நிலாவாரை, பிசகோடைல் இரண்டும் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். உண்மையான மலச்சிக்கலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பதில் தவறில்லை. தேவையில்லாமல் தினமும் எடுக்கும்போதுதான் வயிற்று முறுக்கல் நிரந்தரமாகிறது. அளவு கூடக்கூட ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். சிறுநீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிசகோடைலைப் பாலோடு விழுங்கினால் மேல்பூச்சு முன்பே கரைந்து வயிறு எரியும்.

நிறுத்த நினைப்பவர்களுக்கு, தண்ணீரில் ஊறி மலத்தை இளக்கும் நார்ச்சத்தான இசப்கோல்தான் எங்கள் தேர்வு. ஒரு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் வாரம் வாயு சேரும். அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த வாரம் இன்னொரு ஸ்பூன் சேர்க்கலாம். பேதி மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று குறைத்து நிறுத்தலாம். மற்ற மாத்திரைகளுக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தண்ணீர் குறைந்தால் இதுவே தொண்டையிலோ குடலிலோ கட்டிப்போய் அடைத்துவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இது கூடவே கூடாது.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணிக்குள் குடல் தானாக அசையும். கழிப்பறைக்குப் போக ஏற்ற நேரம் அதுதான். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு சிறு முக்காலி. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

காலண்டரில் இரண்டு வாரம் குறித்துவைத்தால் உங்கள் வழக்கம் எது என்று தெரிந்துவிடும். அதில் எண்ணிக்கையைவிட மாற்றம்தான் முக்கியம். வாரம் நான்கு முறை என்று இருபது வருடமாகப் போகிறவருக்குக் கவலை இல்லை. தினமும் போய்க்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரருக்கு மூன்று வாரத்துக்கு மேலாக வழக்கம் மாறியிருந்தால் காட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக இரும்புச்சத்து, கால்சியம், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிக்கான டிரமடால் போன்ற மாத்திரை ஏதும் ஆரம்பித்தாரா என்று முதலில் பாருங்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருந்தால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, இவை எந்த வயதிலும் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாதவை. வயிறு உப்பி, வாந்தியோடு காற்றும் பிரியவில்லை என்றால் உடனே மருத்துவமனை. பேதி மருந்து கொடுக்கவே கூடாது.

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்குப் பல நாள் போகாமல் இருந்து திடீரெனத் தண்ணீராகக் கசிந்தால் பலர் பேதி நிற்கும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம் அது. அந்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். மருத்துவரோ செவிலியரோ ஆசனவாயில் விரல்விட்டுச் சோதித்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.