25 வெள்ளிக் காசும் நான்காவது கார்டும்: இணையத்தில் விற்பவர்கள் பார்சல் கட்டும் முன் படிக்கவும்

வெள்ளிச் சாமான் விற்கும் ஒரு சின்ன இணையக் கடைக்கு வெள்ளி இரவு 11.40க்கு ஓர் ஆர்டர் வந்தது. 10 கிராம் காசு, 25 எண்ணிக்கை. கார்டின் பில்லிங் முகவரி அமெரிக்காவில் ஒஹாயோ. டெலிவரி முகவரியில் ஊர் "சென்னை", ஆனால் பின்கோடு 641 என்று தொடங்குகிறது, அதாவது கோயம்புத்தூர் பக்கம். குறிப்பில், "அவசரம், நாளைக்கே அனுப்பவும்". பேமென்ட் கேட்வே பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: அதே ஆர்டருக்கு மூன்று கார்டுகள் தோற்று, நான்காவது கார்டில்தான் பணம் ஏறியிருக்கிறது.

கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை பார்சல் போனது. திங்களன்று வாங்கியவர் கூரியரைக் கூப்பிட்டு முகவரியை மாற்றி, கிளை அலுவலகத்திலேயே எடுத்துக்கொண்டார். ஏழு வாரம் கழித்து சார்ஜ்பேக் வந்தது, அதாவது கார்டுக்காரர் புகார் செய்ததால் பணத்தைக் கடையிடமிருந்து திரும்பப் பிடித்தார்கள்: "கார்டுக்காரர் அனுமதிக்காத பரிவர்த்தனை". காசும் போயிற்று, பணமும் போயிற்று, அதற்கு மேல் சார்ஜ்பேக் கட்டணமும் பிடித்தார்கள். டெலிவரி கையெழுத்தைக் காட்டியும் பலனில்லை. சரக்கு யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் அந்தக் கையெழுத்து சொல்லும். கார்டுக்குச் சொந்தக்காரர்தான் வாங்கினார் என்று அது சொல்லாது.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று. "பணம்தான் அக்கவுண்டுக்கு வந்துவிட்டதே" என்பார்கள். கேட்வே சில நாளிலேயே பணத்தைப் போட்டுவிடும், ஆனால் கார்டுக்காரருக்குப் புகார் செய்யப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. இந்தியக் கார்டில் இணையப் பரிவர்த்தனைக்குப் பெரும்பாலும் ஓடிபி கேட்பார்கள். வெளிநாட்டுக் கார்டு பல நேரம் ஓடிபி இல்லாமலே ஏறிவிடும். அப்படி ஏறிய பணத்துக்குப் பொறுப்பு பெரும்பாலும் விற்றவர் தலையில்தான் விழும். வெளிநாட்டுக் கார்டே வேண்டாம் என்றால் கேட்வே அமைப்பில் அணைத்துவிடலாம். ஆனால் நியூஜெர்சியில் இருக்கும் மகன் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்குக் குத்துவிளக்கு வாங்கி அனுப்பும் வியாபாரமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அதனால்தான் "இரண்டு முகவரியும் ஒத்துப்போகவில்லை, ஆர்டரை ரத்து செய்" என்ற ஒற்றை விதி நம் ஊர்க் கடைகளுக்கு உதவாது. வெளிநாட்டு பில்லிங், உள்ளூர் டெலிவரி என்பது இங்கே அன்றாடம் நடப்பது. அது ஒன்றை மட்டும் வைத்து நிறுத்தினால் நல்ல வாடிக்கையாளரைத்தான் விரட்டுவீர்கள். ஒவ்வோர் அடையாளத்துக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டிப் பார்ப்பதுதான் சரி. இதற்கு ஒரு ஷீட் போதும்:

```
=2*(B2>5)+2*(C2<>D2)+3*(E2>=2)+(F2="Y")+(G2="Y")+(H2="Y")
```

B எண்ணிக்கை. C பின்கோடின் முதல் மூன்று இலக்கம், D எழுதியிருக்கும் ஊருக்கு வரவேண்டிய மூன்று இலக்கம். E தோற்ற பேமென்ட் முயற்சிகள். F பில்லிங் நாடு வேறு, G புது வாடிக்கையாளர், H அவசர டெலிவரி; இந்த மூன்றிலும் ஆம் என்றால் Y போடுங்கள். கூட்டல் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் பார்சல் கட்டக் கூடாது. மேலே சொன்ன ஆர்டருக்கு, புது வாடிக்கையாளர் என்பதையும் சேர்த்தால், 10 வருகிறது. குத்துவிளக்கு வாங்கும் மகன் முதல்முறை வாங்கினாலும் 2 தான், அவசரம் என்று கேட்டாலும் 3 தான்.

தோற்ற முயற்சிகளுக்கு அதிகப் புள்ளி ஏன் என்றால், திருட்டுக் கார்டு எண்களைக் கையில் வைத்திருப்பவருக்கு எது வேலை செய்யும் என்று தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். உண்மையான ஆளும் ஓடிபியைத் தப்பாக அடித்து ஒருமுறை தோற்கலாம், ஆனால் அவர் அதே கார்டைத்தான் மறுபடி போடுவார். கடைசி நான்கு இலக்கம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் E-யில் 0 போடலாம்.

பின்கோடு விதியை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள். கூடுவாஞ்சேரிக்காரர் ஊர் "சென்னை" என்று எழுதிவிட்டு 603202 போடுவார். அதில் திருட்டு ஒன்றுமில்லை. அதனால்தான் அதற்கு 2 புள்ளியோடு நிற்கிறது.

எண்ணிக்கை வரம்பைப் பொருளுக்குப் பொருள் தனியாகப் போட வேண்டும். சூத்திரத்தில் இருக்கும் 5 காசுக்கு உரியது. கல்யாணத் தாம்பூலத்துக்குக் குங்குமச் சிமிழ் 50 கேட்பது சாதாரணம். காசு 25 சாதாரணம் இல்லை. வாங்கிய கையோடு விற்றுப் பணமாக்க முடிகிற பொருளைத்தான் திருடர் தேடுவார். ஒரு பொருளின் கடைசி 200 ஆர்டரை எண்ணிக்கைப்படி அடுக்கி, மேலே உள்ள நான்கை விட்டுவிட்டு ஐந்தாவதை வரம்பாக வையுங்கள். அட்சய திருதியை, தீபாவளி வாரங்களுக்குப் போன வருட அதே வாரத்தின் கணக்கைத் தனியாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாதி ஆர்டர் நின்றுபோகும்.

வரம்பு 5 என்று மோப்பம் பிடித்தவர் ஐந்து ஐந்தாக நான்கு ஆர்டர் போடுவார், நான்கு பெயரில். அதனால் B-யில் அந்த ஒரு ஆர்டரை மட்டும் எழுதாமல், 48 மணி நேரத்தில் அதே போன் எண்ணுக்கோ அதே முகவரிக்கோ போன மொத்தத்தை எழுதுங்கள். முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், "நெ.12", "12, முதல் மாடி" என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். பின்கோடும் கதவு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நிறுத்திய பிறகு போன் செய்யலாம். ஆனால் "நீங்கள்தானே ஆர்டர் போட்டீர்கள்?" என்று கேட்பது வீண், எடுப்பவரும் அவர்தான். கேட்வே பக்கத்தில் கார்டின் வங்கிப் பெயர் தெரிந்தால், எந்த வங்கிக் கார்டு என்று கேளுங்கள். கார்டு எண், சிவிவி, ஓடிபி, கார்டின் படம் எதையும் கேட்கக் கூடாது. பதில் தடுமாறினால், இந்தப் பணத்தைத் திருப்பிவிடுகிறோம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். உண்மையான ஆள் முணுமுணுத்துக்கொண்டே அனுப்புவார். மற்றவர் வேறு கார்டு தருகிறேன் என்பார், அல்லது அதோடு காணாமல் போவார். சிலர், "ரத்து செய்துவிடுங்கள், பணத்தை இந்த யுபிஐ எண்ணுக்குப் போடுங்கள்" என்பார்கள். போட்டால், நீங்கள் யுபிஐயில் கொடுத்ததும் போகும், கார்டுக்காரர் சார்ஜ்பேக்கில் கேட்பதும் போகும். வந்த கார்டுக்கே திருப்புங்கள், கேட்வே வழியாக மட்டும்.

கேட்வேயில் பணத்தை உடனே எடுக்காமல் கையால் கேப்சர் செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். கேப்சர் செய்யாத தொகை சில நாளில் தானாகவே திரும்பிப் போய்விடும், சார்ஜ்பேக்குக்கு இடமே இருக்காது.

கூரியர்காரரிடமும் எழுத்தில் ஒன்று வாங்கி வைக்க வேண்டும்: அனுப்புநர் சொல்லாமல் முகவரி மாற்றமோ கிளையில் கொடுப்பதோ கூடாது. சிலர் இதற்கு ஒப்புவார்கள், சிலருக்குப் பெறுநரே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். அப்படிப்பட்டவர் வழியாகக் காசு போன்ற பொருளை அனுப்பாதீர்கள். பார்சல் போன பிறகு முகவரி மாற்றம் கேட்டு அழைப்பு வந்தால், ஷீட்டில் எத்தனை புள்ளி இருந்தாலும் பார்சலைத் திரும்ப வரச் சொல்லுங்கள்.