ஆள்நாளை வாரமாக மாற்றும் ஷீட்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

எஸ்டிமேட் ஆள்நாளில் வரும். கிளையண்ட் கேட்பது தேதி. 60 ஆள்நாள், மூன்று பேர், அப்படியென்றால் 20 நாள், நாலு வாரம் என்று கூட்டம் முடிவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். சென்னையில் எங்கள் சாஃப்ட்வேர் டீமில் அந்த நாலு வாரம் நாலு வாரத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் செய்வதுபோல 20 சதவீதம் கூட்டிச் சொல்லும் பழக்கமும் இருந்தது. சில சமயம் அது போதும், பல சமயம் போதாது. ஏன் போதவில்லை என்று அந்த 20 சதவீதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அதை விட்டுவிட்டு, சுமார் மூன்று வருடமாக ஒரு சின்ன கூகுள் ஷீட்டை வைத்துத்தான் ஆள்நாளை வாரமாக மாற்றுகிறோம். அதன் அடிப்படை ஒன்றே ஒன்று: லீவையும் மந்தமான நாட்களையும் ஒரே கணக்கில் போடக் கூடாது. லீவுக்குத் தேதி உண்டு. அது எந்த வாரத்தில் வருகிறதோ அந்த வாரத்தில் கழிக்க வேண்டும். மந்தத்துக்குத் தேதி கிடையாது. ஆள் ஆபீஸில் இருப்பார், வேலை முக்கால்வாசிதான் நகரும். அது விகிதமாகத்தான் வர வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே சதவீதமாக வைத்தால், ஜூலையில் சரியாக வந்த கணக்கு அக்டோபரில் ஊற்றிக்கொள்ளும்.

ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு வாரம். A-யில் அந்த வாரத்தின் திங்கள்கிழமை, B-யில் எத்தனை பேர், C-யில் அந்த வாரம் எடுக்கப்போகும் லீவு மொத்தம் (அரை நாள் என்றால் 0.5). பொது விடுமுறைத் தேதிகள் Holidays என்ற தனிப் பக்கத்தின் A-யில் இருக்கும். மீதியை ஷீட்டே போட்டுக்கொள்ளும்:

```
D2: =NETWORKDAYS.INTL(A2, A2+4, 1, Holidays!$A$2:$A$20)*B2-C2
E2: =SUM(D$2:D2)
F2: =E2*$H$1
```

D என்பது அந்த வாரம் கையில் இருக்கும் ஆள்நாள். E அதன் கூட்டுத்தொகை. H1-இல் இருப்பது வேக விகிதம். F எந்த வாரத்தில் எஸ்டிமேட்டைத் தொடுகிறதோ, வேலை அந்த வாரத்தில் முடியும். சூத்திரத்தில் உள்ள 1 சனி ஞாயிறு விடுமுறை என்பதைக் குறிக்கும். ஞாயிறு மட்டும் விடுமுறை உள்ள இடங்களில் அதை 11 ஆக்கி, A2+4-ஐ A2+5 ஆக்க வேண்டும்.

போன வருடத்துப் பண்டிகைக் காலத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 60 ஆள்நாள் வேலை, மூன்று பேர், தொடக்கம் 2025 செப்டம்பர் 15, திங்கள். வெறும் வகுத்தல் கணக்கில் அக்டோபர் 10 வெள்ளியன்று முடிய வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் முழுசாக 15, 15. மூன்றாவது வாரத்தில் அக்டோபர் 1 புதன் ஆயுத பூஜை, 2 வியாழன் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். மூன்று நாள்தான் ஆபீஸ். அதிலும் வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை ஐந்து நாள் கிடைக்கும், யார் விடுவார்கள்? இரண்டு பேர் லீவு என்று வைத்தால் அந்த வாரம் 7. நாலாவது வாரம் 15. ஐந்தாவது வாரத்தில் ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குப் போக வியாழன், வெள்ளி லீவு, ஆக 13. தீபாவளி 20-ஆம் தேதி திங்கள். அவர் திரும்பி வருவது வியாழன், இன்னொருவர் செவ்வாய் ஒரு நாள் வரமாட்டார். அந்த வாரம் 9. அதற்கடுத்த வாரத்திலிருந்து மறுபடி 15. கூட்டிக்கொண்டே வந்தால் 15, 30, 37, 52, 65, 74, 89.

மந்தமே இல்லை, எல்லோரும் தினமும் முழு நாள் உழைக்கிறார்கள் என்று வைத்தாலும் 60-ஐத் தொடுவது அக்டோபர் 15 புதன்கிழமை. அதாவது விடுமுறையும் லீவும் சேர்ந்து தள்ளியது மூன்று வேலை நாள்தான். இப்போது விகிதத்தை 0.7 என்று வைப்போம். ஆறாவது வாரக் கடைசியில் F 51.8, ஏழாவது வாரத்தில் 62.3. நாள் வாரியாகப் பார்த்தால் அக்டோபர் 30 வியாழன். நாலு வாரம் ஏழு வாரம் ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 60-ஐ 0.7-ஆல் வகுத்தால் 85.7. மூன்று பேருக்குப் பிரித்தால் ஏறக்குறைய 29 வேலை நாள், ஆறு வாரம்கூட இல்லை. மீதி எங்கே போனது? மந்தத்தால் வேலை நீண்டது, நீண்டதால் தீபாவளிக்குள் போய் விழுந்தது, தீபாவளி இன்னும் எட்டு ஆள்நாளைத் தின்றது. இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருவதை மொத்தமாகக் கூட்டும் சதவீதத்தால் பிடிக்கவே முடியாது. வாரம் வாரமாகப் போடுவதன் பலன் இதுதான்.

சரி, அந்த 0.7 எங்கிருந்து வந்தது? இந்த முறையின் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது. அது யாருடைய நம்பிக்கையாகவும் இருக்கக் கூடாது, முடிந்த வேலையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். முடிந்த ஒரு ப்ராஜெக்டின் எஸ்டிமேட் 48 ஆள்நாள், அதற்காக ஆட்கள் உண்மையில் ஆபீஸ் வந்தது 70 ஆள்நாள் என்றால் விகிதம் 0.69. நடுவில் கிளையண்ட் சேர்த்த புது வேலைக்கும் எஸ்டிமேட் போட்டு 48-உடன் கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் டீம் அநியாயத்துக்குச் சோம்பேறியாகத் தெரியும். ‘வந்த நாள்’ என்பதை அட்டெண்டன்ஸிலிருந்து எடுங்கள். காலண்டர் நாளை எண்ணினால் லீவும் அதற்குள் வந்துவிடும், அப்புறம் ஷீட்டில் C-யில் மறுபடி கழிப்பீர்கள். ஒரே லீவு இரண்டு தடவை கழியும். கணக்கு எப்போதுமே தாராளமாக வந்து, வேலை முன்கூட்டியே முடிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தீபாவளிக்கு மறுநாள் வருபவர் பாதி வேலைதான் பார்ப்பார், அதனால் C-யில் 0.5 போடட்டுமா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வேண்டாம். பண்டிகைக்கு அடுத்த நாள், ரிலீஸுக்கு மறுநாள், லைவ் சிஸ்டம் படுத்த நாள், கிளையண்டின் டெஸ்ட் சர்வருக்காகக் காத்திருந்த நாள் எல்லாம் பழைய ப்ராஜெக்டுகளிலும் இருந்தவைதானே. அவை 0.7-க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. முழு நாள் ட்ரெயினிங் போலத் தேதி தெரிந்தது மட்டும்தான் C-க்குப் போகும்.

C-யை நிரப்புவதுதான் பெரும் பாடு. “தீபாவளிக்கு லீவு எடுப்பியா?” என்று கேட்டால் “இன்னும் முடிவு பண்ணலண்ணா” என்றுதான் பதில் வரும். “டிக்கெட் போட்டாச்சா?” என்று கேட்டால் தேதி, ரயில் பெயர், வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் எல்லாம் வந்துவிடும். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பரில். இருந்தாலும் அக்டோபர் நடுவில் கிளம்புபவர் ஆகஸ்ட் நடுவிலேயே டிக்கெட் போட்டிருப்பார். செப்டம்பரில் தொடங்கும் வேலைக்கு அது போதும்.

ஷீட்டில் சத்தமில்லாமல் தப்பு நடக்கும் இடம் Holidays பக்கம். ஷீட்டின் Locale அமெரிக்காவாக இருக்கும்போது ஆயுத பூஜைக்கு 01/10/2025 என்று அடித்தால் அது ஜனவரி 10 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தீபாவளிக்கு 20/10/2025 அடித்தால் இருபதாவது மாதம் இல்லாததால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: தேதியாக ஏற்றது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நின்றது இடப்பக்கம். பக்கத்து கட்டத்தில் =TEXT(A2,"ddd d mmm") போட்டு, கிழமை சரியாக வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் ஜனவரி 10-உம் மாட்டிக்கொள்ளும். File > Settings-இல் Locale-ஐ இந்தியாவுக்கு மாற்றிவிட்டுத் தேதிகளைத் திரும்ப அடிப்பதே நல்லது.

குறைகளும் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே விகிதம் என்பது பொய். எங்கள் லீடுக்கு நாள் முழுக்க ரிவியூ, கால், இன்டர்வியூ. அவருக்கு 0.4 வந்தாலே அதிகம். வேலை மூன்று பேருக்குள் கைமாறக் கூடியதாக இருந்தால் சராசரி போதும். பேமெண்ட் பகுதியை லீடு மட்டுமே செய்ய முடியும் என்றால், அந்தப் பகுதிக்கு அவர் ஒருவருடைய வரிகளைத் தனியாகப் போட்டு, எது பிந்தி முடிகிறதோ அந்தத் தேதியை எடுக்க வேண்டும். மொத்தத்தை மூன்றால் வகுக்கும் கணக்கு அங்கே செல்லாது.

இன்னொரு தலைவலி, விகிதம் 0.7 என்று தெரிந்ததும் சிலர் எஸ்டிமேட்டிலேயே கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள். அடுத்த ப்ராஜெக்டில் விகிதம் 0.85 என்று வரும், மேலிடம் “வேகம் கூடிவிட்டது” என்று சந்தோஷப்படும். எஸ்டிமேட்தான் வீங்கியிருக்கிறது என்பது பழைய ப்ராஜெக்டில் இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் சொன்னார்கள் என்று பார்த்தால் தெரியும்.

கிளையண்டுக்கு ஒற்றைத் தேதி சொல்வதையும் நிறுத்திவிட்டோம். கடைசி சில ப்ராஜெக்டுகளில் விகிதம் 0.6-க்கும் 0.8-க்கும் நடுவே ஆடுகிறது என்றால், H1-ஐ மாற்றிப் பார்த்தால் போதும். மேலே சொன்ன வேலை 0.8-இல் அக்டோபர் 27, 0.6-இல் நவம்பர் 6. “அக்டோபர் கடைசி வாரம், தள்ளினால் நவம்பர் முதல் வாரம்” என்று எழுதுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது போன்றதற்கு இந்த ஷீட்டில் இடமில்லை, இருக்கவும் வேண்டாம். அப்படிப் போன நாட்களை விகிதக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, நடந்து முடிந்தபின் Holidays-இல் சேர்த்துத் தேதியைத் திரும்பப் போட்டுச் சொல்வதே நேர்மை. ஐந்து ஆள்நாளுக்குக் குறைந்த வேலைக்கும் இதைத் திறக்க வேண்டாம். அவ்வளவு சின்ன வேலையில் ஒரே ஒரு மோசமான நாள் விகிதத்தை வெகுவாகக் குறைத்துவிடும். செய்யப்போகிறவரிடம் “எந்தக் கிழமை தருவ?” என்று கேட்டு, அவர் சொல்லும் கிழமைக்கு அடுத்த கிழமையை எழுதிக்கொள்கிறோம்.