வளைய ஹெக்சீனும் பென்சீனும்: ஒரே புரோமினிடம் இரு விதமான நடத்தை

வளைய ஹெக்சீன் 83 °C-இல் கொதிக்கும், பென்சீன் 80 °C-இல். இரண்டும் நிறமற்ற திரவங்கள், இரண்டிலும் ஆறு கார்பன் கொண்ட வளையம். முதலாவது C6H10, இரண்டாவது C6H6. காகிதத்தில் வரைந்தால் வளைய ஹெக்சீனில் ஓர் இரட்டைப் பிணைப்பும் பென்சீனில் மூன்றும் தெரியும். அப்படியானால் பென்சீன் மூன்று மடங்கு ஆவலோடு புரோமினை இழுத்துக்கொள்ள வேண்டும். நடப்பது நேர்மாறு. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டையும் ஒரே சோதனையில் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி.

இரண்டு உலர்ந்த சோதனைக் குழாய்களில் டைகுளோரோமீத்தேன் 2 மி.லி. வீதம் எடுத்து, ஒன்றில் வளைய ஹெக்சீன் 0.2 மி.லி., மற்றதில் பென்சீன் 0.2 மி.லி. விடுங்கள். அதே கரைப்பானில் நீர்த்த புரோமினைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். வளைய ஹெக்சீன் உள்ள குழாயில் ஒவ்வொரு சொட்டும் விழுந்த நொடியே நிறம் போய்விடும். இருட்டோ, அறைவெப்பமோ, எதுவும் அதைத் தடுக்காது. பென்சீன் உள்ள குழாயில் முதல் சொட்டின் செம்பழுப்பே அப்படியே நிற்கும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் பள்ளி ஆய்வகங்களில் அதற்குப் பதில் டொலுயீன் வைப்பது முறை. அப்படி வைத்தால் குழாயை வெளிச்சத்தில் நிறுத்தக் கூடாது. வெயில் பட்டால் வளையத்தின் பக்கத்தில் தொங்கும் மெத்தில் தொகுதியில் பதிலீடு நடந்து புரோமின் நிறம் மெல்ல வெளிறும், கண்ணீரை வரவழைக்கும் பென்சைல் புரோமைடும் உருவாகும். வளையம் வினைபுரிந்துவிட்டது என்று பலர் தவறாக எழுதுவது இங்கேதான்.

புரோமின் நீரை வைத்துச் செய்தால் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பென்சீனை அதோடு குலுக்கினால் கீழே உள்ள நீர் அடுக்கின் நிறம் குறையும். மாணவர் உடனே ‘நிறம் நீங்கியது’ என்று எழுதிவிடுவார். மேலே பாருங்கள்: பென்சீன் அடுக்கு ஆரஞ்சாக மாறியிருக்கும். புரோமின் நீரை விடப் பென்சீனில் நன்றாகக் கரையும், ஆகவே அது இடம் மாறியிருக்கிறது, வினை எதுவும் நடக்கவில்லை. வளைய ஹெக்சீனோடு குலுக்கினால் இரண்டு அடுக்குகளும் நிறமற்றுப் போகும். ஆகவே முடிவு எழுதும் முன் இரண்டு அடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

இனி, ஏன் இந்த வேறுபாடு? வளைய ஹெக்சீனின் பை-பிணைப்பில் இரண்டு எலக்ட்ரான்கள் இரண்டே கார்பன்களுக்கு நடுவில் அடர்ந்து கிடக்கின்றன. அருகே வரும் Br2 மூலக்கூறின் எலக்ட்ரான்களை அந்த அடர்த்தி தள்ளி, இரண்டு புரோமின்களில் ஒன்றை நேர்மின் பக்கமாக்கிவிடுகிறது. அதைப் பற்றிக்கொண்டு மூன்று அணு வளையமான புரோமோனியம் அயனி உருவாகிறது. மிஞ்சிய புரோமைடு எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்குகிறது. கிடைப்பது மாறுபக்க-1,2-டைபுரோமோ வளைய ஹெக்சேன். இரண்டு புரோமின் அணுக்களும் உள்ளே போய்விட்டன, வெளியே எதுவும் வரவில்லை.

பென்சீனில் ஆறு கார்பன்களும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு p-ஆர்பிட்டால், அதில் ஓர் எலக்ட்ரான். இந்த ஆறும் இருபக்கமும் சமமாக மேற்பொருந்துவதால் ஆறு எலக்ட்ரான்களும் எந்த இரண்டு கார்பனுக்கும் சொந்தமாகாமல் வளையம் முழுதும் பரவிவிடுகின்றன. இவற்றைத்தான் உள்ளடங்கா எலக்ட்ரான்கள் என்கிறோம். பிணைப்பு நீளம் இதற்கு நேரடிச் சாட்சி. ஒற்றைப் பிணைப்பு 154 பிகோமீட்டர், இரட்டைப் பிணைப்பு 134. பென்சீனில் ஆறு பிணைப்புகளும் ஏறக்குறைய 139. ஒன்றுவிட்டு ஒன்று மாறிமாறி வரும் பிணைப்புகள் இருந்திருந்தால் 1,2-டைபுரோமோ பென்சீன் இரண்டு வடிவங்களில் கிடைத்திருக்க வேண்டும், ஏனெனில் இரண்டு புரோமின் கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு வருவதும் ஒற்றை வருவதும் வேறுவேறு பொருள்கள். கிடைப்பதோ ஒன்றே ஒன்று.

ஆனால் ‘எலக்ட்ரான் பரவியிருக்கிறது, ஆகவே வினை இல்லை’ என்று நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பரவியதால் எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதே கேள்வி. அதற்கான கணக்கு ஹைட்ரஜனேற்ற வெப்பத்தில் இருக்கிறது. 1930-களில் ஹார்வர்டில் கிஸ்டியாகோவ்ஸ்கியின் குழு இவ்வெப்பங்களைத் துல்லியமாக அளந்தது. மோலுக்கு வளைய ஹெக்சீன் ஒரு H2 ஏற்கும்போது 120 கிலோஜூல் வெளிப்படுகிறது. 1,3-வளைய ஹெக்சாடையீன் இரண்டு H2 ஏற்கும்போது 232. பென்சீன் மூன்று H2 ஏற்கும்போது 208 மட்டும். மூன்றும் போய்ச் சேருமிடம் ஒரே வளைய ஹெக்சேன்.

மூன்று தனித்தனி இரட்டைப் பிணைப்புகள் என்றால் 3 × 120 = 360 வந்திருக்க வேண்டும். 360-இலிருந்து 208-ஐக் கழித்தால் 152. இதுதான் பாடநூல்களில் உடனிசைவு ஆற்றல் என்று வரும் எண். எல்லோரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்த கழித்தல். பென்சீனிலிருந்து வளைய ஹெக்சேன் வரை 208, டையீனிலிருந்து அதே இடம் வரை 232. அப்படியானால் பென்சீனை ஒரே ஒரு H2 கொடுத்து டையீனாக்கும் முதல் படியில் வெப்பம் வெளிப்படாது, 24 கிலோஜூல் உள்ளே கொடுக்க வேண்டும். அதே படி வளைய ஹெக்சீனுக்கு 120 கிலோஜூல் லாபம். ஒரு பக்கம் 120 வரவு, மறுபக்கம் 24 செலவு: வித்தியாசம் 144. பென்சீன் சேர்க்கை வினையை எதிர்ப்பதன் முழுக் காரணமும் இந்த முதல் படியில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு அல்ல என்பதை ஆய்வகத்தில் உணரலாம். சாதாரண நிக்கல் வினையூக்கியில் பென்சீனுக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜனை மட்டும் கொடுத்தால் டையீன் கிடைக்காது. மூன்றில் ஒரு பங்கு பென்சீன் முழுதுமாக வளைய ஹெக்சேனாகிவிடும், மீதி தொடாமல் கிடக்கும். முதல் படியை எப்படியோ தாண்டிய மூலக்கூறு சாதாரண ஆல்கீனாகிவிடுவதால் அடுத்த இரண்டு படிகளும் விரைந்து முடிந்துவிடும். ஆல்கீன்கள் அறைவெப்பத்துக்கு அருகிலேயே ஹைட்ரஜன் ஏற்கும்போது, பென்சீனுக்கு நிக்கலோடு 150–200 °C-உம் அழுத்தமும் தேவைப்படுவதும் அந்த முதல் படியால்தான்.

புரோமினுக்கும் இதே தர்க்கம். வளைய ஹெக்சீனில் புரோமின் சேர்வது ஏறக்குறைய 120 கிலோஜூல் தருகிறது. பென்சீனில் ஒரு Br2 சேர்ந்தால் வளையத்தின் நிலைப்புத்தன்மை போய்விடும், ஆகவே அந்த லாபம் முழுதும் கரைந்து வினை சற்றே வெப்பம் கொள்ளும் வினையாகிவிடுகிறது. பதிலீட்டில் வளையம் தப்பிக்கிறது, 45 கிலோஜூல் அளவுக்கு வெப்பமும் வெளிப்படுகிறது. எனவே பென்சீனுக்குப் பதிலீடே வழி. ஆனால் அதற்கும் தானாக நடக்கும் வேகம் இல்லை. பரவிய எலக்ட்ரான்களின் அடர்த்தி எந்த ஒரு பிணைப்பிலும் ஆல்கீன் அளவுக்கு இல்லாததால் Br2-வை அவற்றால் போதுமான அளவு துருவப்படுத்த முடியாது. இரும்புத்தூளைப் போடுகிறோம், அது புரோமினோடு சேர்ந்து FeBr3 ஆகிறது, FeBr3 ஒரு புரோமினை இழுத்து மற்றதை நேர்மின் தன்மையாக்குகிறது. குழாயில் ஈரம் இருந்தால் FeBr3 தண்ணீரைப் பற்றிக்கொண்டு செயலிழக்கும். வினை தொடங்கவே மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தைத்தான்.

வினை தொடங்கினால் ஒரு கார்பனில் புரோமின் ஒட்டி, அந்தக் கார்பன் வளையத்தின் பரவலிலிருந்து விலகி, மீதி ஐந்து கார்பன்களில் நான்கு எலக்ட்ரான்கள் பரவிய நேர்அயனி உருவாகிறது. இப்போது அதன்முன் இரண்டு வழிகள். புரோமைடை ஏற்றுக்கொண்டால் சேர்க்கை வினை முடியும், ஆனால் பரவல் நிரந்தரமாகப் போகும். புரோமின் ஒட்டிய அதே கார்பனிலிருந்து H+-ஐ உதறினால் ஆறு எலக்ட்ரான் வளையம் முழுதாகத் திரும்பும். இரண்டாவதுதான் நடக்கிறது:

C6H6 + Br2 → C6H5Br + HBr

ஆகவே இரண்டு வினைகளையும் பிரித்தறிய நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, குழாயின் வாயைக் கவனிக்க வேண்டும். பதிலீடு என்றால் ஈரக்காற்றில் வெண்புகையாக HBr வரும், ஈர நீல லிட்மஸ் சிவக்கும். சேர்க்கை என்றால் எதுவும் வராது. ஃபீனால் புரோமின் நீரை உடனே நிறம் நீக்குவதால் அது ஆல்கீன் மாதிரி என்று நினைப்பதும் இதனால்தான் தவறு. ஆக்சிஜன் வளையத்தின் எலக்ட்ரான் அடர்த்தியை உயர்த்துவதால் வினையூக்கி தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வெண்மையாக வீழ்படிவது 2,4,6-டிரைபுரோமோஃபீனால், அதாவது மூன்று பதிலீடுகள்.

பழைய நிலக்கரித்தார் பென்சீனோடு சோதனை செய்தால் சிறிதளவு புரோமின் காணாமல் போகும். காரணம் பென்சீன் அல்ல. 84 °C-இல் கொதிக்கும் தயோஃபீன் காய்ச்சி வடித்தாலும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். 1882-இல் விக்டர் மேயர் இதைக் கண்டுபிடித்ததும் இத்தகைய ஒரு முரண்பாட்டிலிருந்துதான்: ஐசாட்டினும் கந்தக அமிலமும் சேர்த்தால் நிலக்கரித்தார் பென்சீன் நீலமாகும், பென்சாயிக் அமிலத்திலிருந்து எடுத்த தூய பென்சீன் ஆகாது.

பென்சீனின் எதிர்ப்புக்கும் எல்லை உண்டு. புற ஊதா ஒளியில் குளோரின் அயனியாக அல்லாமல் தனி அணுவாக வந்து சேர்கிறது. அங்கே H+-ஐ உதறும் வழியே இல்லை, அடுத்தடுத்து குளோரின் ஏறி மூன்று மூலக்கூறு Cl2-வும் சேர்ந்து C6H6Cl6 ஆகிவிடும். தமிழ்நாட்டு வயல்களில் பி.எச்.சி. தூள் என்று தெளித்த பூச்சிக்கொல்லி அதுதான்.

இன்னொரு எல்லை ஆந்திரசீன். மூன்று வளையங்கள் ஒட்டிய இதன் உடனிசைவு ஆற்றல் சுமார் 350 கிலோஜூல். நடு வளையத்தின் 9, 10-ஆம் கார்பன்களில் புரோமின் சேர்ந்தால் இருபக்கமும் இரண்டு முழுப் பென்சீன் வளையங்கள் எஞ்சும், அவற்றுக்கு 300. இழப்பு 50 மட்டும், பென்சீனின் 144-உடன் ஒப்பிட்டால் அது சிறியது. எனவே ஆந்திரசீன் வினையூக்கியே இல்லாமல், குளிர்ச்சியிலேயே புரோமினைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சேர்க்கைப் பொருளைச் சூடாக்கிப் பாருங்கள்: HBr வெளியேறும், நடு வளையம் தன் பரவலை மீட்டுக்கொள்ளும், கையில் மிஞ்சுவது 9-புரோமோ ஆந்திரசீன்.