ஒரு கால் மட்டும் பலவீனமா? பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டா, ஸ்டெப் டவுனா

இரண்டு காலையும் ஊன்றிச் செய்யும் ஸ்குவாட்டில் பலவீனமான காலைத் தேற்றுவது கடினம். உடல் தானாகவே வலுவான பக்கம் சாய்ந்துகொள்ளும், செய்பவருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் ஒற்றைக் கால் பயிற்சிக்கு மாற வேண்டும் என்பதில் பெரிய விவாதம் இல்லை. எந்தப் பயிற்சிக்கு மாறுவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் நேராகப் போவது பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு: பின்காலை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, முன்காலால் உட்கார்ந்து எழுவது. இன்னொன்று ஸ்டெப் டவுன்: ஒரு படியின் மேல் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, அதே காலால் மேலே வருவது. வீட்டில் செய்பவர்களுக்கு, இரண்டு பக்கத்தையும் சமன் செய்வது மட்டுமே நோக்கம் என்றால், நான் ஸ்டெப் டவுனைத்தான் சொல்வேன்.

முதலில் பல்கேரியனுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஆழமாக இறங்கலாம். பின்கால் ஊன்றியிருப்பதால் தடுமாற்றம் குறைவு, கைகளில் கனமான டம்பெல் பிடித்துச் செய்யலாம். தொடையும் பின்புறத் தசையும் பெருக வேண்டும் என்றால் ஸ்டெப் டவுன் அதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் சமன் செய்வதற்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுவும் பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. பின்கால் சும்மா இருப்பதில்லை, அதுவும் பெஞ்சை அழுத்துகிறது. இடது கால் பலவீனம் என்று வைத்துக்கொள்வோம். இடது காலை முன்னால் வைத்துச் செய்யும்போது பின்னால் இருப்பது வலுவான வலது கால். களைப்பு வர வர அது கூடுதலாக அழுத்தி உதவும். பக்கத்தை மாற்றி வலது காலை முன்னால் வைத்தால், பின்னால் இருப்பது பலவீனமான இடது கால். அதனால் அவ்வளவு உதவ முடியாது, முன்னால் இருக்கும் வலது காலுக்கு அந்த உதவி தேவைப்படுவதும் இல்லை. ஆக, எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கத்துக்கே அதிக உதவி கிடைக்கிறது. இரண்டு பக்கமும் பத்துப் பத்து முடித்துவிட்டோம் என்று எண்ணிக்கை சொல்லும். உள்ளே இருக்கும் வித்தியாசம் அப்படியே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். முள் காட்டும் எடை மெஷினை உறுதியான பெஞ்சின் மேல் வைத்து, பின்காலின் மேற்பாதத்தை அதன் மேல் வைத்துக் கீழே இறங்கி மூன்று விநாடி நில்லுங்கள். முள்ளை இன்னொருவர் படிக்கட்டும். உதாரணமாக 68 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, இடது கால் முன்னால் இருக்கும்போது முள் 14 கிலோவும், வலது கால் முன்னால் இருக்கும்போது 9 கிலோவும் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வோம். முன்காலில் விழும் எடை இடது பக்கம் 54 கிலோ, வலது பக்கம் 59 கிலோ. ஒரே பயிற்சி, ஒரே எண்ணிக்கை, ஆனால் இடது காலுக்கு ஐந்து கிலோ குறைவான வேலை. இப்படியே மாதக் கணக்கில் செய்தாலும் இடைவெளி மூடாது. பின்காலை லேசாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முதல் நான்கு தடவை வைத்துக்கொள்ள முடியும். பலன் தரும் கடைசி இரண்டு தடவையில்தான் அது கைமீறிப் போகும்.

ஸ்டெப் டவுனில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது, சரியாகச் செய்தால். அசையாத 20 சென்டிமீட்டர் உயரப் படியோ பெட்டியோ போதும். அதன் ஓரத்தில் பக்கவாட்டாக நின்று, வேலை செய்யும் காலை முழுதாக மேலே ஊன்றிக்கொள்ளுங்கள். மற்றக் கால் ஓரத்துக்கு வெளியே தொங்கட்டும். அந்தக் காலின் முட்டி நேராகவும் விரல்கள் உங்களை நோக்கி மடங்கியும் இருக்க வேண்டும். விரல்களை மடக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. நீட்டிவிட்டால் முன்பாதம் முதலில் தரையைத் தொடும், கெண்டைக்கால் ஒரு உந்து உந்திவிடும். குதிகாலால் அப்படி உந்த வராது. எதிரே உள்ள சுவரில் இரண்டு விரல் நுனி மட்டும் தொட்டிருக்கட்டும், தடுமாறாமல் இருக்க. மூன்று எண்ணும் நேரத்தில் இறங்கி, குதிகால் தொட்டதும் நிற்காமல் மேலே வந்துவிட வேண்டும்.

குதிகால் தொடும் இடத்தில் அதே எடை மெஷினை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மெஷினின் உயரத்தையும் சேர்த்து, அதன் மேற்பரப்பிலிருந்து படி 20 சென்டிமீட்டர் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முள் இரண்டு மூன்று கிலோவைத் தாண்டாமல் இருந்தால் அந்த ரெப் கணக்கில் சேரும். எட்டு, பத்து என்று ஏறினால் சேராது. டிஜிட்டல் மெஷின் இதற்கு உதவாது, எடை நிலைத்த பிறகுதான் எண் காட்டும். முள் மெஷின் இல்லையென்றால் குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். நசுங்கினால் தெரிந்துவிடும்.

அளப்பது எப்படி என்பதை மேலே சொன்ன 68 கிலோ ஆளை வைத்தே பார்ப்போம். 20 சென்டிமீட்டர் படியில் இடது காலில் சுத்தமாக 7 ரெப், வலது காலில் 12 வருகிறது. பார்த்ததும் இடது கால் பாதிக்குப் பாதி பலவீனம் என்று பயந்துவிட வேண்டாம். எண்ணிக்கையின் வித்தியாசம் பலத்தின் வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஜிம்மில் பலரும் பயன்படுத்தும் எப்லி சூத்திரப்படி, ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்சம் என்பது எடை × (1 + ரெப் ÷ 30). எடை இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் அதை விட்டுவிடலாம். இடதுக்கு 1.23, வலதுக்கு 1.40. வித்தியாசம் ஏறக்குறைய 12 சதவீதம். இது தோராயக் கணக்குதான், 12 ரெப்புக்கு மேலே போகப் போக நம்பகம் குறையும். இரண்டு காலிலும் இருபது வருபவர்கள், எண்ணிக்கை பன்னிரண்டுக்குள் வரும் அளவுக்கு எடையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். ஒருநாள் அளவை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். இரண்டாவதாகச் செய்யும் கால் ஏற்கெனவே களைத்த உடலோடு செய்கிறது. ஒருநாள் இடது முதலில், இரண்டு நாள் கழித்து வலது முதலில் என்று அளந்து சராசரி எடுங்கள். ஒன்றிரண்டு ரெப் வித்தியாசம் பலவீனம் ஆகாது, எல்லோருக்கும் இருப்பதுதான்.

பயிற்சி எப்போதும் பலவீனமான காலில் தொடங்கும், அது முடிக்கும் எண்ணிக்கைதான் மற்றக் காலுக்கும். இடது காலின் உச்சம் 7 என்பதால் இரண்டைக் கையிருப்பாக விட்டு 5 ரெப், மூன்று செட். வலது காலும் அதே 5, அதே மூன்று செட். இன்னும் செய்ய முடியும் என்றாலும் வலது கால் நிறுத்திக்கொள்ள வேண்டும். இடது காலுக்கு 5 என்பது எல்லைக்கு அருகே இருக்கும் வேலை, அதனால் அது வளர்கிறது. 12 வரை போகக்கூடிய வலது காலுக்கு அது இருப்பதைக் காப்பாற்றும் வேலை. இடைவெளி குறைவது இதனால்தான். வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. மூன்று செட்டும் சுத்தமாக முடிந்த பிறகு ஒரு ரெப் கூட்டலாம். 10 வந்ததும் இரண்டு கிலோவை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி 6 அல்லது 7இலிருந்து தொடங்கலாம். மூன்று வாரம் ஆகியும் இடது கால் அசையவில்லை என்றால் அதற்கு மட்டும் நான்காவது செட் சேர்க்கலாம். வலது காலை அடியோடு நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை, வலுவைக் குறைத்துச் சமம் ஆக்குவதில் யாருக்கும் லாபம் இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே படி, அதே வேகம், அதே குதிகால் விதியோடு மறுபடி அளக்க வேண்டும். இடது 12, வலது 14 என்று வந்தால் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

இதில் கெடும் இடங்களும் உண்டு. அதிகம் நடப்பது இடுப்பு சரிவது. ஒற்றைக் காலில் நின்று இறங்கும்போது தொங்கும் கால் பக்கத்து இடுப்பு கீழே விழுந்தால், முட்டி மடங்காமலேயே குதிகால் தரையைத் தொட்டுவிடும். 20 சென்டிமீட்டர் இறங்கியதாகத் தோன்றும், தொடைக்கு 16 சென்டிமீட்டர் வேலைதான் கிடைத்திருக்கும். போனை இடுப்பு உயரத்தில் எதிரே வைத்து வீடியோ எடுத்து, பேன்ட்டின் இடுப்புப் பட்டையை மட்டும் கவனியுங்கள். பட்டை சாயத் தொடங்கிய ரெப்போடு எண்ணிக்கை முடிந்தது. முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். வலுவான காலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடே தவறிவிடும்.

இன்னொன்று கணுக்கால். இறங்கும்போது குதிகால் படியிலிருந்து எழும்பினால் குறை தொடையில் இல்லாமல் கணுக்கால் இறுக்கத்தில் இருக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். பாதத்தை எவ்வளவு பின்னால் நகர்த்தியும் தொட முடிகிறது என்று இரண்டு பக்கமும் அளந்தால், பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கிடைக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் கணுக்காலைக் கவனிக்க வேண்டும். அதுவரை இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஒரே தடிமன் பலகையை வைத்துச் செய்யலாம்.

மறுநாள் மாடி ஏறும்போது முட்டிச் சில்லின் அடியில் வலித்தால் படியை 15 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். முட்டி வீங்கியிருந்தாலோ, திடீரென்று கால் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, ஒரு தொடை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தாலோ பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தன் உடல் எடைக்கும் மேலே பார்பெல் ஏற்றி ஸ்குவாட் செய்பவர்களுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு ஸ்டெப் டவுனில் தொடை களைப்பதற்கு முன் சமநிலை போய்விடும். ஜிம்மில் லெக் பிரஸ் இருந்தால் அவர்களுக்கு ஒற்றைக் கால் லெக் பிரஸ் மேல். மற்றக் காலைத் தரையில் வைத்துவிடலாம், சிறுசிறு எடையாக ஏற்றலாம். இருக்கையிலிருந்து இடுப்பு ஒரு பக்கம் எழும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி மூடிய பிறகு பல்கேரியனுக்குப் போகலாம், அப்போது பின்கால்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உதவும். அங்கேயும் முன்பு பலவீனமாக இருந்த காலிலேயே தொடங்குங்கள். பெஞ்சிலிருந்து முன்பாதம் இருக்கும் தூரத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, இரண்டு பக்கத்துக்கும் அந்தக் கோட்டையே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை படியை எடுத்துப்போட்டு ஒரு செட் அளந்து பார்த்தால் போதும்.