உள்ளடக்கத்துக்கு எவ்வளவு, எழுத்துப்பிழைக்கு எவ்வளவு: மூன்று மதிப்பீட்டு முறைகள்

எழுத்து விடைகளைத் திருத்தும்போது உள்ளடக்கமே முதன்மையாக இருக்க வேண்டும் என்பதில் பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதை மதிப்பெண்ணில் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. பிழைக்குப் பிழை மதிப்பெண் கழிப்பது ஒரு வழி. விடையின் கூறுகளையும் அவற்றின் தர நிலைகளையும் வரையறுக்கும் ரூப்ரிக் அமைத்து ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எடை கொடுப்பது இரண்டாவது. எழுத்துப்பிழையை மொத்தத்தில் சேர்க்காமல் தனிப் பத்தியில் குறிப்பது மூன்றாவது. மூன்றையும் பயன்படுத்திவிட்டு இரண்டாவதில் நான் நிலைத்திருக்கிறேன். ஆனால் எடைகளை எழுதி வைத்தவுடன் வேலை முடிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தது தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

எடுத்துக்காட்டாக ஓர் அறிவியல் வினாவை எடுத்துக்கொள்வோம்: "ஒரு செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்த பின் அதன் இலையில் மாவுச்சத்து காணப்படாதது ஏன்?" முதல் மாணவி, ஒளி இல்லாததால் ஒளிச்சேர்க்கை நின்றது, புதிய மாவுச்சத்து உருவாகவில்லை, முன்பே சேமித்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவாசத்துக்குச் செலவானது, அதனால் அயோடின் கரைசல் இட்டபோது இலை கருநீலமாக மாறவில்லை என்று காரணங்களைக் கோத்து எழுதுகிறார். ஆனால் ல, ள, ழ வேறுபாட்டிலும் ஒற்றெழுத்துகளிலுமாக எட்டுப் பிழைகள். இரண்டாம் மாணவர், ஒளி இல்லை, எனவே மாவுச்சத்து இல்லை என்பதை மட்டும் பிழையே இல்லாமல் நான்கு வரிகளில் எழுதுகிறார்.

முதல் முறையில் பத்து மதிப்பெண்ணுக்கு உள்ளடக்கம் பார்த்து 9, 5 என்று இட்டு, பிழைக்கு அரை மதிப்பெண் கழித்தால் இருவருக்கும் 5 கிடைக்கிறது. கழிப்புக்கு 2 என்று உச்ச வரம்பு வைத்தால் 7, 5 என்று சற்றுச் சரியாகும். ஆனாலும் இம்முறை அதிகம் எழுதுபவரைத் தண்டிக்கிறது. நூற்றைம்பது சொல்லில் ஆறு பிழை செய்தவர் அந்த வரம்பு இருந்தும் 2 இழக்கிறார், நாற்பது சொல்லில் இரண்டு பிழை செய்தவர் 1 மட்டுமே இழக்கிறார்; விகிதமாகப் பார்த்தால் பின்னவரே கூடுதலாகப் பிழை செய்தவர். எனவே இதைப் பற்றி மேலும் பேச எனக்கு அதிகமில்லை.

இரண்டாம் முறையில் நான் முதலில் வைத்த எடைகள் உள்ளடக்கம் 60, விடையின் ஒழுங்கு 20, எழுத்து 20. ஒவ்வொரு கூறுக்கும் ஒன்று முதல் நான்கு வரை நிலைகள். உள்ளடக்கம் எழுத்தைப்போல் மூன்று மடங்கு முக்கியம் என்று தாளில் தெளிவாக இருந்தது. அதே இரு விடைகளுக்கும் நான் இட்ட நிலைகளைப் பாருங்கள். உள்ளடக்கத்தில் முதல் மாணவிக்கு 3, இரண்டாம் மாணவருக்கு 2. ஒழுங்கில் இருவருக்கும் 3. எழுத்தில் 1, 4. ஒரு நிலை உள்ளடக்கத்தில் 15 மதிப்பெண்ணும் மற்ற இரண்டிலும் 5 மதிப்பெண்ணும் பெறும். ஆகவே முதல் மாணவிக்கு 45, 15, 5 சேர்ந்து 65. இரண்டாம் மாணவருக்கு 30, 15, 20 சேர்ந்து அதே 65.

இங்கேதான் இந்த ஒப்பீட்டின் முடிச்சு இருக்கிறது. தாளில் எழுதிய எடை வேறு, இறுதி வரிசையைத் தீர்மானிக்கும் எடை வேறு. ஒரு கூறில் மாணவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றனவோ, அந்தக் கூறுக்கு அவ்வளவு பலம் கிடைக்கிறது. பிழைகளை எண்ண முடியும் என்பதால் எழுத்துக் கூறில் ஒன்றையும் நான்கையும் தயங்காமல் இட்டுவிடுகிறோம். உள்ளடக்கத்தை எண்ண முடியாததால் பெரும்பாலோரை இரண்டிலும் மூன்றிலும் அடக்கிவிடுகிறோம். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் தரும் கூறுக்கு 60 எடை கொடுத்தாலும் அது யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு வகுப்பின் முப்பது தாள்களின் நிலைகளை விரிதாளில் இட்டு, ஒவ்வொரு பத்தியின் திட்ட விலக்கத்தையும் அதன் எடையோடு பெருக்கிப் பார்க்கலாம். உள்ளடக்கம் B பத்தியிலும் எழுத்து D பத்தியிலும் இருந்தால்:

```
=STDEV.P(B2:B31)*60/4
=STDEV.P(D2:D31)*20/4
```

முதல் விடை இரண்டாவதைப்போல் மூன்று மடங்காக இருந்தால் தாளில் எழுதிய நோக்கம் நடைமுறையிலும் நிற்கிறது. இரண்டும் நெருங்கி வந்தால் எழுத்து தனக்குரிய இடத்தைவிட அதிகம் பிடித்திருக்கிறது. இரு கூறுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் தன்மையை இக்கணக்கு கவனிப்பதில்லை என்பதால் இதைத் தோராய அளவாகவே கொள்ள வேண்டும்.

சரிசெய்ய எடையை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளடக்க நிலைகளின் வரையறையை விரிக்க வேண்டும். "நன்று", "ஓரளவு" என்ற சொற்களை எடுத்துவிட்டு, மேற்கண்ட வினாவுக்கு நான் இப்படி எழுதினேன்: நான்கு காரணங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால் 4, சேமிப்பு செலவான செய்தி இருந்து இணைப்பு விடுபட்டிருந்தால் 3, ஒளி இல்லாமல் புதிய மாவுச்சத்து உருவாகாது என்பது மட்டும் இருந்தால் 2, காரணமின்றி விளைவு மட்டும் இருந்தால் 1. எடைகளை 70, 20, 10 ஆக்கினேன். இப்போது முதல் மாணவிக்கு உள்ளடக்கத்தில் 4, இரண்டாமவருக்கு 2. மொத்தம் 87.5, 60. இந்த இடைவெளியில் பெரும்பங்கு எடையை மாற்றியதால் வந்ததன்று. பழைய 60, 20, 20 எடைகளை அப்படியே வைத்து உள்ளடக்க நிலையை மட்டும் 4 ஆக்கியிருந்தால்கூட 80, 65 என்று வந்திருக்கும்.

இன்னொரு கசிவையும் அடைக்க வேண்டியிருந்தது. பிழை நிறைந்த விடையைப் படிக்கும்போது கருத்தே பலவீனமானது போன்ற எண்ணம் நமக்குள் ஏறிவிடுகிறது. முதல் மாணவிக்கு நான் முதலில் 3 இட்டதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கும். ஆகவே எல்லாத் தாள்களையும் உள்ளடக்கத்துக்காக ஒருமுறை, சிவப்பு மையைத் தொடாமல் படித்து முடித்துவிட்டு, எழுத்துக்காக மறுபடி படிக்கிறேன். அப்போது ஒரே சொல்லில் திரும்பத் திரும்ப வரும் பிழையை ஒன்றாகவே எண்ணுகிறேன். நேரம் கூடுகிறது என்பது உண்மை, முப்பது தாளுக்குச் சமாளிக்கலாம். நூற்றுக்கு மேல் திருத்துபவர்களுக்கு இதை நான் வலியுறுத்த மாட்டேன்.

மூன்றாம் முறையை இரண்டு தேர்வுகளில்தான் முயன்றிருக்கிறேன் என்பதால் அடக்கமாகவே சொல்கிறேன். உள்ளடக்க மதிப்பெண் தூய்மையாக வருகிறது, அது பெரிய நன்மை. ஆனால் மொத்தத்தில் சேராத பத்தியை என் மாணவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வரைவைத் திருத்தி மீண்டும் எழுதச் சொல்லும் பணிகளுக்கு இது பொருந்தலாம். எழுத்தையே பாடமாகக் கற்பிக்கும் மொழித் தேர்வுக்கு இதுவும் பொருந்தாது, என் 10 என்ற எடையும் குறைவு.

எந்த முறையானாலும் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பிழை உண்டு. ஒரு மாணவர் "ஒலிச்சேர்க்கை" என்று எழுதியிருந்தார். ஒலி வேறு, ஒளி வேறு. பொருளே மாறிவிட்டது என்று உள்ளடக்கத்தில் குறைக்கத் தோன்றும். அடுத்த வரியில் அவர் "சூரிய வெளிச்சம் இல்லாததால்" என்று எழுதியிருந்தார். அந்த வரி இருந்ததால் அதை எழுத்துப்பிழையாக மட்டுமே எண்ணினேன். அது இல்லாமல் அந்தச் சொல் மட்டும் தனித்து நின்றிருந்தால், அவர் எதைக் கருதினார் என்று வாய்மொழியாகக் கேட்ட பிறகே மதிப்பெண் இட்டிருப்பேன்.